37-வது லெவல்

கோத்தகிரியில் அன்று ஐந்து மணிக்கே மேகம் இறங்கி, எதிரே இருந்த தேயிலைச் சரிவு மறைந்துவிட்டது. கரண்ட் இல்லை. அம்மாவின் போனில் சார்ஜ் 14 சதவீதம்.

"ஆளுக்கு ஒரு ஆட்டம். பெட்டி மாட்டிக்கிச்சுன்னா போனைக் கொடுத்துடணும்" என்றாள் மலர்.

"சரிக்கா" என்றான் கதிர், போர்வைக்குள் நெருங்கி உட்கார்ந்து.

பெட்டிகளைத் தள்ளிப் புள்ளியிட்ட கட்டங்களில் நிறுத்த வேண்டும். தள்ளத்தான் முடியும், இழுக்க முடியாது. மூலைக்குள் போன பெட்டி போனதுதான், முதலிலிருந்து தொடங்க வேண்டும். இந்த லெவலில் மட்டும் மூன்று நாளாக நிற்கிறார்கள். நான்கு பெட்டிகளில் ஒன்று ஆரம்பத்திலேயே புள்ளிமேல் பச்சையாக நிற்கும். மலர் அதை ஒருநாளும் தொட்டதில்லை. மற்ற மூன்றோடுதான் போராடுவாள். இன்றும் இரண்டாவது பெட்டி மூலையில் மாட்டியது.

போன் கை மாறியது. கதிர் நேராகப் போய் அந்தப் பச்சைப் பெட்டியைத் தள்ளினான். அது பழுப்பானது.

"டேய்! சரியா இருக்கிறத ஏன்டா கலைக்கிற?"

"வழியில நிக்குதுக்கா. விறகு எடுக்கணும்னா அம்மா முதல்ல முன்னாடி இருக்கிற கூடையத்தானே நகர்த்துவாங்க?"

மலர் பேசவில்லை. பெட்டிகள் ஒவ்வொன்றாக அந்த வழியே உள்ளே போயின. சார்ஜ் 3 சதவீதம். ஒரே ஒரு தள்ளல் பாக்கி.

கதிர் போனை அவள் பக்கம் நீட்டினான். "நீ தள்ளுக்கா."

"உன் ஆட்டம்டா."

"அப்ப ரெண்டு பேரும்."

இரண்டு விரல்கள் ஒன்றாகத் திரையைத் தொட்டன. நான்கும் பச்சை. வாசலில் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டது. கதிர் கத்திக்கொண்டே கதவைத் திறக்க ஓடினான்.