அம்மோனியா, ஹைட்ரஜன் குளோரைடு வாயுக்களின் விரவல்: கண்ணாடிக் குழாய்ச் சோதனை அறிக்கை

சுங்கை சிப்புட் வட்டாரத்து இடைநிலைப்பள்ளி ஒன்றின் ஆறாம் படிவ வேதியியல் மாணவர்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் செய்த சோதனையின் அறிக்கை இது. பள்ளியின் தமிழ்மொழிக் கழக அறிவியல் மலருக்காகத் தமிழில் எழுதப்பட்டுள்ளது.

நோக்கம்

இரு முனைகளிலிருந்து ஒரே நேரத்தில் புறப்படும் அம்மோனியாவும் ஹைட்ரஜன் குளோரைடும் குழாயின் எந்த இடத்தில் சந்தித்து வெண்ணிற வளையத்தை உண்டாக்குகின்றன என்பதை அளப்பதும், அந்த இடம் ஏன் நடுவில் அமைவதில்லை என்பதை விளக்குவதும் இச்சோதனையின் நோக்கம்.

செய்முறை

ஒரு மீட்டர் நீளமும் ஏறத்தாழ 2 செ.மீ. உள்விட்டமும் கொண்ட கண்ணாடிக் குழாய் முதலில் கழுவி நன்கு உலர்த்தப்பட்டது. இந்தப் படியை எளிதாக எண்ணிவிடக் கூடாது. நம் ஊர்க் காற்றில் எப்போதும் ஈரம் மிகுதி. இரு வாயுக்களும் நீரில் தாராளமாகக் கரைபவை. குழாயின் உட்சுவரில் நீர்ப்படலம் இருந்தால் வாயுவின் ஒரு பகுதி அதிலேயே தங்கிவிடும். உலர்ந்த குழாய் இரண்டு தாங்கிகளில் கிடைமட்டமாகப் பொருத்தப்பட்டது. காற்றசைவு குழாயைத் தொடக் கூடாது என்பதற்காக மின்விசிறிகள் நிறுத்தப்பட்டன. அறையின் வெப்பநிலை 30 பாகை செல்சியஸ்.

அடர் அம்மோனியாக் கரைசலில் நனைத்த பஞ்சு ஒரு முனையிலும், அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நனைத்த பஞ்சு மறுமுனையிலும் ஒரே கணத்தில் செருகப்பட்டு, ரப்பர் அடைப்பான்களால் முனைகள் மூடப்பட்டன. பஞ்சை நனைக்கும் வேலை முழுவதும், நச்சாவியை வெளியே இழுக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள், கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்து செய்யப்பட்டது. மரப்பால் உறையாமலிருக்க அம்மோனியா சேர்க்கும் வழக்கத்தால் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அதன் நெடி புதிதன்று. ஆயினும் அடர் கரைசலின் ஆவி கண்ணையும் மூச்சுக்குழலையும் தாக்கக்கூடியது. பழகிய நெடி என்பதற்காக முகர்ந்து பார்க்கலாகாது.

தூரங்கள் யாவும் பஞ்சின் உட்புற முகத்திலிருந்து அளக்கப்பட்டன. வாயு புறப்படுவது அங்கிருந்துதான். குழாயின் முழு நீளத்தைக் கணக்கில் எடுத்தால் விடை தவறிவிடும். இரு பஞ்சுகளின் உட்முகங்களுக்கு இடையே இருந்த தூரம் 94.0 செ.மீ.

நோக்கல்

முதல் சில நிமிடங்களில் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ஏறத்தாழ பதினோராவது நிமிடத்தில், குழாயின் பின்னால் வைத்திருந்த கறுப்புத் தாளின் துணையால் மட்டுமே காணக்கூடிய மெல்லிய வெண்கோடு ஒன்று, ஹைட்ரஜன் குளோரைடு முனைக்கு அருகான பாதியில் தோன்றியது. சிறிது நேரத்தில் அது தடித்து வளையமாயிற்று. அதிலிருந்து புகை போன்ற பொடி மெல்லக் கீழிறங்கிக் குழாயின் அடிப்பக்கத்தில் படிந்தது. வளையம் தொடர்ந்து அகன்றுகொண்டே போவதால், கோடு முதன்முதலில் தெரிந்த இடமே அளவீடாகக் கொள்ளப்பட்டது.

மூன்று முறை செய்ததில், அம்மோனியாப் பஞ்சிலிருந்து வளையம் இருந்த தூரம் முறையே 54.1, 53.2, 53.5 செ.மீ. சராசரி 53.6 செ.மீ. எனவே ஹைட்ரஜன் குளோரைடு கடந்த தூரம் 40.4 செ.மீ.; இரு தூரங்களின் விகிதம் 1.33. மூன்றாம் முறை பஞ்சுகள் முனை மாற்றிச் செருகப்பட்டன. அப்போதும் வளையம் அமிலப் பஞ்சுக்கு அருகிலேயே அமைந்ததால், குழாயின் சாய்வோ சன்னல் பக்கத்து வெப்பமோ இதற்குக் காரணமன்று எனக் கொள்ளலாம்.

விளக்கம்

வெண்பொடி அம்மோனியம் குளோரைடு என்னும் திண்மம். இரு வாயுக்களும் நேரடியாக இணைந்து இது உண்டாகிறது:

NH3 + HCl → NH4Cl

அம்மோனியாவின் மோலார் நிறை 17.03 கிராம், ஹைட்ரஜன் குளோரைடினுடையது 36.46 கிராம். ஒரே வெப்பநிலையில் இரு வகை மூலக்கூறுகளின் சராசரி இயக்க ஆற்றலும் சமம் என்பதால், இலேசான மூலக்கூறு வேகமாக ஓடியாக வேண்டும். 303 கெல்வினில் அம்மோனியா மூலக்கூறின் சராசரி இருமடி மூல வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 666 மீட்டர். ஹைட்ரஜன் குளோரைடினுடையது 455 மீட்டர். வளையம் அமில முனையின் பக்கம் தள்ளி அமைவதற்கு அடிப்படைக் காரணம் இதுவே.

இத்துடன் நிறுத்திக்கொள்வது வழக்கம். ஆனால் அந்த வேகத்தில் அம்மோனியா நேராக ஓடியிருந்தால் 53.6 செ.மீ. தூரத்தை ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் கடந்திருக்கும். நாங்கள் காத்திருந்ததோ பதினொரு நிமிடம். குழாய் வெற்றிடமன்று என்பதே இதற்குக் காரணம். உள்ளே இருக்கும் நைட்ரஜன், ஆக்சிஜன் மூலக்கூறுகளோடு ஒவ்வோர் அம்மோனியா மூலக்கூறும் வினாடிக்குப் பல நூறு கோடி முறை மோதி, ஒவ்வொரு மோதலிலும் திசை மாறி, முன்னும் பின்னும் அலைந்தே முன்னேறுகிறது.

கிரகாம் விதிப்படி, விரவும் வீதம் மோலார் நிறையின் இருமடி மூலத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். அதன்படி தூரங்களின் விகிதம் 1.46 ஆகவும், எங்கள் குழாயில் வளையம் அம்மோனியாப் பஞ்சிலிருந்து 55.8 செ.மீ. தொலைவிலும் அமைய வேண்டும். எங்கள் விகிதம் அதைவிட ஏறத்தாழ 9 விழுக்காடு குறைவு. இதைக் கைத்தவறு என்று ஒதுக்குவது சரியன்று. 1833-இல் தம் முடிவுகளை வெளியிட்ட தாமஸ் கிரகாம், வாயுக்களை நுண்துளைகள் கொண்ட சாந்து அடைப்பின் வழியே செலுத்தி அளந்தார். உள்ளே தடுப்பு ஏதும் இல்லாத குழாயில் காற்றை ஊடுருவிச் செல்லும் வாயுவின் நிலை வேறு. இங்கே மோதலின் மறுபக்கத்தில் எப்போதும் காற்று மூலக்கூறு இருப்பதால், அதன் சராசரி மோலார் நிறையான 28.96 கிராமும் கணக்கில் சேர வேண்டும். அவ்வாறு சேர்த்து, நிறைகளின் விளைவை மட்டும் கணக்கிட்டால் விரவல் கெழுக்களின் விகிதம் 1.23 ஆகக் குறைகிறது. அம்மோனியா மூலக்கூறு அளவிலும் சிறியது என்பதால் அது சற்றுக் கூடும்.

பஞ்சிலிருந்து எவ்வளவு ஆவி எழுகிறது என்பதும் வளையத்தின் இடத்தைத் தீர்மானிக்கிறது. இதைச் சோதிக்க, அமிலத்தை மாற்றாமல், அம்மோனியாக் கரைசலில் சம அளவு நீர் கலந்து மீண்டும் ஒரு முறை செய்தோம். வளையம் அம்மோனியாப் பஞ்சிலிருந்து 49.7 செ.மீ. தொலைவில், அதாவது முன்பைவிட ஏறத்தாழ 4 செ.மீ. நடுப்பக்கமாக நகர்ந்து தோன்றியது. மூலக்கூறுகளின் நிறை மாறவில்லை, வெப்பநிலையும் மாறவில்லை. வளையத்தின் இடம் நிறைகளால் மட்டும் முடிவாவதாக இருந்தால் அது அசைந்திருக்கவே கூடாது. ஆகவே, எந்த வாயு இலேசானது என்பதை இச்சோதனை தெளிவாகக் காட்டுகிறதே ஒழிய, 1.46 என்னும் எண்ணை அதனிடம் எதிர்பார்ப்பதும், அந்த எண் வரும்வரை அளவுகோலை நகர்த்துவதும் பொருத்தமில்லை.

குழாயில் படிந்த அம்மோனியம் குளோரைடு நீரில் எளிதில் கரைவதால், பஞ்சுகளை நிறைய நீரில் அமிழ்த்திய பின் குழாயும் அவ்வாறே கழுவப்பட்டது. அடுத்த முறை அம்மோனியாவுக்குப் பதிலாக 31.06 கிராம் மோலார் நிறையுள்ள மெத்திலமீனைப் பயன்படுத்தலாம் என்பது எங்கள் கருத்து. இரு கரைசல்களிலிருந்தும் எழும் ஆவியின் அளவு ஏறத்தாழ ஒத்திருந்தால், வளையம் குழாயின் நடுவுக்கு மிக அருகில் அமைய வேண்டும்.