டாக்டரைப் பார்க்கப் போகிறோம்: இருவர் பேசும் பயிற்சி

மழைக்கால மதுரை, ஒரு சின்ன கிளினிக்.

டாக்டர்: உட்காருங்கள். என்ன செய்கிறது?

நோயாளி: மூன்று நாளாகக் காய்ச்சல், டாக்டர். சாயங்காலமானால் குளிர் நடுக்கம். இரண்டு போர்வை போர்த்தினாலும் அடங்கவில்லை.

டாக்டர்: தலைவலி?

நோயாளி: மண்டையைப் பிளக்கிறது. கண்ணுக்குப் பின்னால் குத்துகிறது. உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது.

டாக்டர்: வாந்தி, பேதி?

நோயாளி: இல்லை. ஆனால் குமட்டுகிறது, வாய் கசக்கிறது. ரசம் சாதம்கூட இறங்கவில்லை.

டாக்டர்: மாத்திரை போட்டீர்களா?

நோயாளி: மெடிக்கலில் கேட்டு ஒரு வலி மாத்திரை... பெயர் தெரியாது.

டாக்டர்: அதை நிறுத்துங்கள். டெங்குவாக இருந்தால் சில வலி மாத்திரைகளால் ரத்தக் கசிவு வரலாம். பாராசிட்டமால் எழுதித் தருகிறேன். கையைக் காட்டுங்கள்... சிவப்புப் புள்ளி இல்லை. சரி, ரத்தப் பரிசோதனை செய்துவிடலாம். கஞ்சி, இளநீர் நிறையக் குடியுங்கள்.

நோயாளி: ஊசி வேண்டாமா?

டாக்டர்: வேண்டாம். ஈறில் ரத்தம் வந்தாலோ, வயிறு கடுமையாக வலித்தாலோ உடனே வாருங்கள், ராத்திரி என்றாலும்.

அப்புறம் இடம் மாறிப் பேசுங்கள். இப்போது நோயாளிக்கு வறட்டு இருமல், தொண்டைக் கரகரப்பு, மூக்கடைப்பு. 'வலிக்கிறது' என்று மட்டும் சொல்லித் தப்பிக்கக் கூடாது: எரிகிறதா, குத்துகிறதா, கடுக்கிறதா, 'சுளீர்' என்று இழுக்கிறதா?