மருத்துவ அறிக்கைகள் பெறவும் மருத்துவரிடம் பேசவும் அதிகாரமளிக்கும் கடிதம்

நாள்: 12.03.2025

பெறுநர்: மருத்துவப் பதிவேடுகள் பிரிவு, சிறுநீரகவியல் துறை மருத்துவர்கள்

ஐயா / அம்மா,

நான் சு. கமலா (வயது 64, நோயாளி எண் 20417). சிறுநீரகக் கோளாறுக்குத் தங்களிடம் சிகிச்சை பெற்றுவருகிறேன். மூட்டுவலியால் அடிக்கடி நேரில் வர இயலவில்லை. எனவே என் தங்கை மகன் ர. செந்தில் என் சார்பில் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் அறிக்கைகளைப் பெறவும், என் உடல்நிலை, மருந்துகள் பற்றி மருத்துவர்களிடம் பேசவும் சம்மதிக்கிறேன். அவரிடம் எதையும் மறைக்க வேண்டாம். எனக்குக் காது மந்தம், அவர்தான் எடுத்துச் சொல்வார்.

அறுவைச் சிகிச்சைக்கு ஒப்புதல் தரும் உரிமை இதில் அடங்காது. அதற்கு என்னையே கேட்க வேண்டும்.

இக்கடிதம் 6 மாதம் செல்லும். இடையில் நான் எழுத்து மூலம் ரத்து செய்தால், அன்றே இது செல்லாததாகிவிடும். இருவரின் அடையாள அட்டை நகல்கள் இணைப்பில்.

இப்படிக்கு,
சு. கமலா

அதிகாரம் பெறுபவர் கையொப்பம்: ர. செந்தில்