நூறு புளியங்கொட்டை

திருகோணமலைக் கோட்டைக்குப் பக்கத்து வீட்டு விறாந்தையில் அம்மம்மா புளியங்கொட்டைகளைக் கொட்டினார்.

"சத்தமாய் எண்ணு, குஞ்சு!"

"ஒன்று, இரண்டு, மூன்று..." பத்தொன்பது வரை பேத்தி தடுமாறவில்லை.

"இருபது! பிறகு?"

"இருபதோட ஒன்று சேர்."

"இருபத்தொன்று, இருபத்திரண்டு..."

முப்பது, நாற்பது, ஐம்பது ஓடின. அறுபதில் படலையடியில் மான் ஒன்று எட்டிப் பார்த்தது. இந்த ஊரில் அது புதினமில்லை. ஆனாலும் எண்ணிக்கை நின்றுபோனது.

"மானை விடு. அறுபத்தொன்று!"

எழுபது, எண்பது, எண்பத்தொன்பது...

"ஒன்பது பத்து!"

அம்மம்மாவுக்குச் சிரிப்பு. "தொண்ணூறு, பிள்ளை."

"தொண்ணூற்றொன்று... தொண்ணூற்றொன்பது... அம்மம்மா, கொட்டை முடிஞ்சுது!"

அம்மம்மா சேலை மடிப்பை உதறினார். ஒன்று விழுந்தது.

"நூறு! திரும்ப எண்ணட்டா?"

"முதல்ல தேத்தண்ணி குடிப்பம்."