லண்டன் ஹாரோ ஹால்ல வீட்டு பீர் ஒர்க்‌ஷாப்: ஒரு மணி நேர பிளான்

11:00: 2 லிட்டர் தண்ணிய அடுப்புல ஏத்திட்டு பேச ஆரம்பிக்கணும். 1963லேர்ந்து இங்க வீட்ல போட லைசென்ஸ் வேணாம், ஆனா விக்கக் கூடாது.

11:10: சானிடைசர். இதுக்குத்தான் நேரம் அதிகம், கரண்டி, புனல், ஜாடி மூடி வரைக்கும் எல்லாரும் கையால முக்கி எடுக்கட்டும், முக்கால்வாசி பீர் கெடுறது இங்கதான்.

11:25: உலர் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் பொடி 500 கிராம், கசப்புக்கு ஹாப்ஸ் பூ 10 கிராம், 15 நிமிஷக் கொதி. நுரை சட்டுனு பொங்கும், ஒருத்தர் பக்கத்துலயே நிக்கணும்.

11:42: ஐஸ் தண்ணியில பாத்திரத்த வச்சு ஆறவச்சு, ஜாடியில ஊத்தி, பச்சத்தண்ணி சேத்து 4.5 லிட்டர். 20 டிகிரிக்கு வந்தப்புறம்தான் ஈஸ்ட், சூட்டுல போட்டா செத்துடும்.

11:52: ரெண்டு வாரம் புளிக்கணும், மிச்ச சர்க்கரையக் காட்டுற ஹைட்ரோமீட்டர் ரீடிங் அடுத்தடுத்த நாள் மாறாம நின்னாதான் பாட்டில், அவசரப்பட்டா பாட்டில் வெடிக்கும். கேள்விகள்.