கட்டிய மின் கட்டணம் நிலுவையாகக் காட்டப்படுவது குறித்துப் புகார்

12.07.2025

பெறுநர்:
உதவிப் பொறியாளர் அவர்கள்,
மின்வாரியப் பிரிவு அலுவலகம்.

பொருள்: 417 என முடியும் வீட்டு மின் இணைப்பு – கட்டிய தொகை வரவு வைக்கப்படாதது தொடர்பாக.

ஐயா,

எங்கள் வீட்டில் ஜூன் 3ஆம் தேதி ரீடிங் எடுத்து, இரண்டு மாதக் கட்டணம் 1,846 ரூபாய் என்று வெள்ளை அட்டையில் எழுதிப் போனார்கள். 9ஆம் தேதி இரவே யுபிஐ மூலம் கட்டிவிட்டேன். வங்கிக் கணக்கிலிருந்து பணம் போய்விட்டது. இன்றுவரை திரும்பி வரவில்லை. ஆனால் உங்கள் இணையதளத்தில் அதே தொகை இன்னும் நிலுவை என்றே இருக்கிறது, தாமதக் கட்டணமும் சேர்ந்திருக்கிறது.

இரண்டு முறை கவுண்டருக்கு வந்தேன். "இப்போதைக்கு இன்னொரு தடவை கட்டிவிடுங்கள், அப்புறம் சரிசெய்துகொள்ளலாம்" என்றார்கள். ஓய்வூதியத்தில் நடக்கும் குடும்பம் ஐயா, ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் கொடுக்க எங்களால் முடியாது. அது நியாயமும் இல்லை.

நேற்று ஊழியர் ஒருவர் ஃபியூஸைப் பிடுங்க வந்துவிட்டார். ரசீதைக் காட்டியதும் நல்லவேளையாகத் திரும்பிப் போனார். படுக்கையில் இருக்கும் என் தாயார் இரவில் மூச்சுக் கருவியோடுதான் தூங்குகிறார். மின்சாரம் நின்றால் என்ன ஆகும் என்ற பயத்தில் ராத்திரி முழுக்க நான் கண் மூடவில்லை.

எனவே பரிவர்த்தனை எண்ணை வைத்துச் சரிபார்த்து, தொகையை வரவு வைத்து, தாமதக் கட்டணத்தை நீக்கித் தாருங்கள். அதுவரை இணைப்பைத் துண்டிக்க வேண்டாம் என்று களப் பணியாளர்களுக்கு இன்றே சொல்லிவிடுங்கள். இந்த மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு நகலில் கையொப்பமும் முத்திரையும் வேண்டும்.

இணைப்பு: பணம் கட்டிய ரசீது, வங்கிக் கணக்கு விவரம், வெள்ளை அட்டை நகல்.

இப்படிக்கு,
செல்வி