பதநீர்க் காணொளி நீக்கம், வணிகக் கணக்கு முடக்கம்: மறுபரிசீலனை கோரும் கடிதம்

பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர்

ஐயா / அம்மா,

வணக்கம். இந்த மின்னஞ்சல் முகவரியில் பதிவான வணிகக் கணக்கில், உடன்குடி வட்டாரத்தில் காய்ச்சிய கருப்பட்டியை விற்று வருகிறோம். மே 12 அன்று எங்கள் காணொளி ஒன்று, 'மது விற்பனை' என்ற காரணத்துடன் நீக்கப்பட்டது. அன்று மாலையே விளம்பரமும் பொருள் பட்டியலும் முடக்கப்பட்டன. இரண்டும் தவறுதலாக நடந்தவை என்பதால் மறுபரிசீலனை கோருகிறோம்.

காணொளியில் பனையேறி இறக்குவது கள் அல்ல, பதநீர். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருப்பது எட்டாவது நொடியில் தெளிவாகத் தெரிகிறது. சுண்ணாம்பு இருந்தால் பதநீர் புளிக்காது. புளிக்காமல் போதையும் ஏறாது. அடுத்து அடுப்பில் நுரைத்துப் பொங்குவதும் அதே பதநீர்தான். பாகு பதத்துக்கு இறுகியதும் சிரட்டைகளில் ஊற்றுவதோடு காணொளி முடிகிறது. பருகுவதற்கென எதையும் அதில் விற்கவில்லை. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை உள்ளது என்பதை நன்கு அறிந்தே தொழில் செய்கிறோம். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

இணைப்பில் உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்று, ஏப்ரல் மாத விற்பனைப் பில்கள், வெட்டப்படாத முழுக் காணொளி, நீக்க அறிவிப்பின் திரைப்பிடிப்பு ஆகியவை உள்ளன. எட்டாவது நொடிக் காட்சியைத் தனிப்படமாகவும் வைத்திருக்கிறோம். வேறெதற்கும் நேரமில்லையென்றால் அந்தப் படத்தை மட்டுமாவது பாருங்கள்.

பதநீர் கிடைப்பதே ஆண்டில் சில மாதங்கள்தான். இந்தப் பருவத்து விற்பனையை நம்பிப் பனையேறிகளின் குடும்பங்கள் இருக்கின்றன. காணொளியை மீட்டு, முடக்கத்தை நீக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். முடியாது என்று முடிவெடுத்தால், எந்த விதியின் எந்தப் பகுதி மீறப்பட்டது என்பதை எழுத்தில் தெரிவியுங்கள்.

நன்றி.
கணக்கின் உரிமையாளர்
மே 13

நினைவூட்டல்: மே 20

ஐயா / அம்மா,

மே 13 அன்று அனுப்பிய முறையீட்டைத் தொடர்ந்து எழுதுகிறோம். 'தங்கள் கருத்துக்கு நன்றி' என்ற தானியங்கிப் பதில் மட்டுமே வந்தது. அதில் புகார் எண் இல்லை. புகாரைப் பெற்ற 24 மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்கின்றன. புகார் எண்ணைத் தெரிவித்து, பதநீர் இறக்கும் முறை தெரிந்த, தமிழ் அறிந்த ஒருவர் காணொளியைப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள்.

முன்பு அனுப்பிய ஆவணங்களை மீண்டும் இணைத்துள்ளோம். புதிதாக, சுண்ணாம்புக் கலயத்தைப் பகல் வெளிச்சத்தில் அருகிலிருந்து எடுத்த படமும் இருக்கிறது. இதே காணொளியைப் புதுக் கணக்கில் வெளியிடவில்லை. உங்கள் முடிவு வரும்வரை வெளியிடவும் மாட்டோம்.

உங்கள் முடிவில் உடன்பாடு இல்லையென்றால், அது கிடைத்த 30 நாட்களுக்குள் மத்திய அரசின் குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுவை அணுகும் உரிமை எங்களுக்கு உண்டு. அதற்கு முன் உங்களிடமே இது தீர வேண்டும் என்றுதான் விரும்புகிறோம். கூடுதல் விவரம் ஏதேனும் தேவைப்பட்டால் இதே முகவரிக்கு எழுதுங்கள், அன்றே அனுப்பிவைக்கிறோம்.

நன்றி.
கணக்கின் உரிமையாளர்